ஒரு ஃபார்வேர்டைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

2020 மார்ச் தொடக்கத்தில், பல நாடுகளின் குடும்பக் குழுக்களில் ஒரே செய்தி பல மொழிகளில் சுற்றிக்கொண்டிருந்தது. யுனிசெஃப் சொன்னது என்று மேலே போட்டிருக்கும். கொரோனா வைரஸ் அளவில் பெரியது, 400 முதல் 500 மைக்ரான் விட்டம் கொண்டது, அதனால் எந்த முகக்கவசம் போட்டாலும் தடுத்துவிடும். காற்றில் பரவாது, தரையில் விழுந்துவிடும். உலோகத்தின் மேல் 12 மணி நேரம், துணியில் 9 மணி நேரம், கையில் 10 நிமிடம் உயிரோடு இருக்கும். 26, 27 டிகிரி வெப்பம் பட்டால் செத்துவிடும். ஆகவே வெந்நீர் குடியுங்கள், வெயிலில் நில்லுங்கள், ஐஸ்கிரீம் பக்கம் போகாதீர்கள், உப்புப் போட்ட வெதுவெதுப்பான நீரில் தொண்டையைக் கொப்பளியுங்கள்.

இந்தப் பழைய செய்தியை வைத்துக்கொண்டுதான் இந்தக் கட்டுரை முழுக்கப் பேசப் போகிறேன். காரணம், இதில் எது சரி, எது தப்பு என்பது இன்றைக்கு நன்றாகவே தெரியும். அதைப் படிக்கும்போது இப்போது யாருக்கும் பயமும் இல்லை. சோதிக்கப் பழகுவதற்கு ஆறிப்போன செய்திதான் வசதி. சூடாக வரும் செய்தியில் நம் கை முந்திக்கொள்ளும்.

முதல் வேலை: செய்தியைத் துண்டு துண்டாக்குவது

'இது உண்மையா, பொய்யா?' என்று கேட்டுத்தான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. மேலே உள்ள செய்தியில் குறைந்தது எட்டுத் தகவல்கள் இருக்கின்றன. ஒன்று சரியாக இருக்கலாம், இன்னொன்று பாதி சரி, மற்றொன்று வெறும் கற்பனை. எட்டையும் சேர்த்து ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

பரவும் செய்திகளில் முழுப் பொய் குறைவு. அடிக்கடி கை கழுவுங்கள் என்பது போல எல்லோருக்கும் தெரிந்த நல்ல அறிவுரை ஒன்றிரண்டு உள்ளே இருக்கும். அதைப் படித்ததும் 'ஆமாம், சரிதானே' என்று மனசு தலையாட்டிவிடும். அந்தத் தலையாட்டலோடு அடுத்த வரியும் சேர்ந்து உள்ளே போய்விடும். அதனால்தான் பிரிக்க வேண்டும் என்கிறேன்.

எப்படிப் பிரிப்பது? ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, 'இதைப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?' என்று கேளுங்கள். 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்பதில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, அதை விட்டுவிடலாம். 'யுனிசெஃப் சொன்னது' என்பதைப் பார்க்கலாம், அது ஒரு துண்டு. '400 மைக்ரான்' இன்னொரு துண்டு. '26 டிகிரியில் சாகும்' மூன்றாவது. எண், பெயர், இடம், தேதி இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருக்கும் வாக்கியம்தான் சோதிக்க ஏற்றது.

எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. இது பொய்யானால் செய்தியே படுத்துவிடும் என்று தோன்றுகிற ஒன்றிரண்டு துண்டுகள் போதும். நம் செய்தியில் அவை இரண்டு: யுனிசெஃப் என்ற பெயர், வெப்பத்தில் சாகும் என்ற கூற்று. வெந்நீர், வெயில், ஐஸ்கிரீம் மூன்றும் அந்த வெப்பக் கூற்றைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகின்றன.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. 'நாளை முதல்', 'இன்று காலை', 'அடுத்த வாரத்திலிருந்து' என்று மட்டும் இருந்து, எந்த மாதம், எந்த வருஷம் என்று இல்லாவிட்டால் உஷாராகிவிடுங்கள். அந்தச் செய்திக்குக் காலாவதியே கிடையாது. மூன்று வருஷம் முன்பு எழுதப்பட்ட 'நாளை'யும் இன்று வரும் குழுவில் புது 'நாளை'யாகத்தான் தெரியும்.

தேடும் முன் ஒரு சின்னக் கணக்கு

சில துண்டுகளை எங்கும் தேடாமலே உட்கார்ந்த இடத்திலேயே சோதித்துவிடலாம். நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

400 மைக்ரான் என்றால் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரில் 1000 மைக்ரான். அப்படியானால் 400 மைக்ரான் என்பது 0.4 மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான்தான். வைரஸ் தலைமுடியைவிட ஐந்தாறு மடங்கு தடிமனாக இருந்தால், மேஜைமேல் உட்கார்ந்திருப்பது கண்ணுக்கே தெரிந்திருக்கும், மைக்ராஸ்கோப் எதற்கு? உண்மையில் கொரோனா வைரஸின் விட்டம் சுமார் 0.1 மைக்ரான். செய்தியில் இருப்பது அதைப்போல் 4000 மடங்கு.

வெப்பக் கணக்கு இன்னும் எளிது. நம் உடம்பின் சராசரி வெப்பம் 37 டிகிரி. 27 டிகிரியில் சாகிற வைரஸ் 37 டிகிரி உடம்புக்குள் எப்படிப் பிழைத்து, பெருகி, நோயைக் கொடுக்கும்? செய்தியில் இருக்கும் எண்ணையும் நமக்குத் தெரிந்த எண்ணையும் அருகருகே வைத்தால் போதும், கூற்று தானாகவே உடைகிறது. இதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை, ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைப் பார்த்த பழக்கம் போதும்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. கணக்கில் இடித்தால் அந்தத் துண்டு தப்பு என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் இடிக்கவில்லை என்பதால் சரி என்று ஆகிவிடாது. 'உலோகத்தில் 12 மணி நேரம்' என்பது எதோடும் இடிக்கவில்லை, கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அது தப்பு என்பது பின்னால் வரும்.

பெயர் போட்டிருந்தால், பெயர்க்காரரிடம் போவது

அடுத்தது 'யுனிசெஃப் சொன்னது'. இங்கே ஒரு தப்பு எல்லோரிடமும் வருகிறது. செய்தியையே திரும்பத் திரும்பப் படித்து, லோகோ சரியாக இருக்கிறதா, எழுத்துப் பிழை இருக்கிறதா, நடை அலுவலகத்தனமாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். பிழையில்லாமல் எழுதவும் யாராலும் முடியும். செய்திக்குள்ளேயே எவ்வளவு நேரம் சுற்றினாலும், அதை எழுதியவர் நமக்குக் காட்ட விரும்பியது மட்டும்தான் கிடைக்கும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், உண்மை சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என மூன்று தரப்பினரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, இவற்றை நம்பலாமா என்று கேட்டார்கள். நன்றாகப் படித்த பேராசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே நின்று மேலும் கீழுமாகப் படித்தார்கள், ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் சீக்கிரமே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு டேப் திறந்து, 'இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள்?' என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான். செய்தியை விட்டு வெளியே போவதுதான் அவர்களுடைய வித்தை, ஃபார்வேர்டுக்கும் அது அப்படியே பொருந்தும்.

ஆகவே செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். பிரவுசரைத் திறந்து நீங்களே தேடுங்கள். ஒரு நிறுவனத்தின் தளத்துக்குள் மட்டும் தேட ஒரு வழி இருக்கிறது. கூகுளில் இப்படித் தட்டச்சு செய்தால் யுனிசெஃப் தளத்தில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும்:

```
site:unicef.org coronavirus ice cream
```

`site:` என்பதற்கும் தள முகவரிக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. சர்வதேச நிறுவனம் என்றால் ஆங்கிலச் சொற்களைப் போட்டால் அதிகம் கிடைக்கும். ஐஸ்கிரீம் என்ற சொல்லை ஏன் சேர்த்தேன் என்றால், கொரோனா என்று மட்டும் போட்டால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொட்டும். செய்தியில் எந்தச் சொல் விசித்திரமாக இருக்கிறதோ, வேறு எங்கும் இந்தப் பேச்சோடு சேர்ந்து வராதோ, அதுதான் நல்ல தேடுசொல்.

இப்படித் தேடியவர்களுக்கு அன்றைக்கே பதில் கிடைத்தது. ஐஸ்கிரீமையும் குளிர்ந்த உணவையும் தவிர்த்தால் நோய் வராது என்று தங்கள் பெயரில் ஒரு செய்தி சுற்றுகிறது, அது முற்றிலும் பொய் என்று யுனிசெஃபின் துணை நிர்வாக இயக்குநர் பெயரிலேயே அறிக்கை வெளியிட்டிருந்தார்கள். இப்படிப் பட்டவர்த்தனமான மறுப்பு எல்லா நேரமும் இருக்காது. மறுப்பு இல்லாவிட்டால், அந்த நிறுவனத்தின் தளத்தில் அந்த அறிவுரை எங்கேயாவது இருக்கிறதா என்று பாருங்கள். உலகத்துக்கே சொல்ல வேண்டிய அவசரச் செய்தியைத் தன் சொந்தத் தளத்தில் போடாமல் தனியார் குழுக்கள் வழியாக மட்டும் ஒரு நிறுவனம் பரப்பும் என்பது நடக்காத காரியம்.

'ஒரு பெரிய டாக்டர் சொன்னார்', 'என் நண்பரின் உறவினர் அங்கே வேலை பார்க்கிறார்' என்று வந்தால்? போய்க் கேட்க ஆளே இல்லை. அப்போது 'யார் சொன்னது' என்ற துண்டைச் சோதிக்க முடியாது என்று ஒதுக்கிவிட்டு, சொன்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத டாக்டர் சொன்னதாலேயே அதற்குக் கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது.

மூன்று குழுவில் வந்தால் மூன்று சாட்சியா?

'எனக்கும் வந்தது, அத்தைக்கும் வந்தது, ஆபீஸ் குழுவிலும் வந்தது, அப்படியானால் ஏதோ இருக்கிறது' என்று தோன்றுவது இயல்பு. ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டாலே அது உண்மை என்ற உணர்வு கூடுகிறது என்று ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்ற மூன்று உளவியலாளர்கள் 1977இலேயே காட்டினார்கள்.

மூன்று இடத்தில் வந்ததா, மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்களா என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பிழைகளைப் பார்ப்பது. மூன்றிலும் அதே எழுத்துப் பிழை, அதே இடத்தில் காணாமல் போன முற்றுப்புள்ளி, அதே வரிசையில் கைகூப்பும் எமோஜி இருந்தால், மூன்றும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒரே ஒருவர் எழுதியதை மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சாட்சி ஒன்றே ஒன்று.

வாட்ஸ்அப்பில் செய்தியின் தலைமாட்டில் தெரியும் அம்புக்குறியும் இதைத்தான் சொல்கிறது. ஓர் அம்பு என்றால் யாரோ எழுதியதை அனுப்பியிருக்கிறார்கள். இரட்டை அம்பு என்றால், எழுதியவரிடமிருந்து குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இரட்டை அம்பு இருந்தாலே பொய் என்று அர்த்தமில்லை, நல்ல ஜோக்குக்கும் இரட்டை அம்பு விழும். உங்களுக்கு அனுப்பியவருக்கே இதை எழுதியது யார் என்று தெரியாது என்பதுதான் அதன் பொருள். அம்பே இல்லாவிட்டால் அவரே எழுதியது என்றும் நினைத்துவிட வேண்டாம். காப்பி செய்து ஒட்டினால் அம்பு போய்விடும்.

தலைகால் புரியாத எண்கள்

இப்போது '12 மணி நேர'த்துக்கு வருவோம். கணக்கில் இடிக்காத, பெயரும் இல்லாத துண்டு இது. இதை எழுதியவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்பதுதான் இங்கே பயன்படும். ஓர் எண் இருக்கிறது என்றால் யாரோ அளந்திருக்க வேண்டும். அளந்தவர் அதை எங்கேயாவது எழுதியிருப்பார்.

இந்த வைரஸ் எந்தப் பரப்பில் எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்த முடிவு, 2020 மார்ச் 17 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் வந்தது. பிளாஸ்டிக்கிலும் எவர்சில்வரிலும் இரண்டு மூன்று நாள் வரைகூட உயிருள்ள வைரஸ் தென்பட்டது, அளவு மட்டும் வெகுவாகக் குறைந்துகொண்டே வந்தது. செம்பில் நான்கு மணி நேரத்துக்குப் பின் இல்லை. அட்டைப் பெட்டியில் 24 மணி நேரத்துக்குப் பின் இல்லை.

இதில் இரண்டு விஷயம் பாருங்கள். நம் ஃபார்வேர்டு அந்த முடிவு வெளிவருவதற்கு முன்பே சுற்றிக்கொண்டிருந்தது. அது மட்டுமல்ல, 'உலோகம்' என்று பொதுவாக ஓர் எண் சொல்வதே தப்பு. செம்புக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் அவ்வளவு வித்தியாசம். அளந்தவர் எப்போதும் 'எந்த உலோகம், எந்தச் சூழலில், எவ்வளவு மிச்சம்' என்று கூடவே சொல்வார். எண் துல்லியமாகவும், அதைச் சுற்றியுள்ள விவரம் மொட்டையாகவும் இருந்தால் அது அளந்த எண் இல்லை என்று சந்தேகப்படலாம்.

இப்படித் தேடும்போது செய்தியில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே போட்டுத் தேடாதீர்கள். '12 மணி நேரம் உலோகம் கொரோனா' என்று போட்டால், அதே ஃபார்வேர்டைக் காப்பியடித்த பக்கங்கள்தான் முதலில் வரும், உடனே 'ஆமாம், இங்கேயும் போட்டிருக்கிறார்கள்' என்று ஆகிவிடும். பதிலைப் போட்டுத் தேடாமல் கேள்வியைப் போட்டுத் தேடுங்கள்: கொரோனா வைரஸ் உலோகத்தில் எவ்வளவு நேரம் இருக்கும்? அப்போது 12 என்று சொல்பவர்களும் வருவார்கள், வேறு எண் சொல்பவர்களும் வருவார்கள். யார் எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று ஒப்பிட முடியும்.

யாராவது ஏற்கெனவே சரிபார்த்திருக்கிறார்களா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால், கூகுள் இதற்கென்றே ஒரு தேடுபொறி வைத்திருக்கிறது:

```
toolbox.google.com/factcheck/explorer
```

பல நாட்டுச் சரிபார்ப்பு நிறுவனங்களின் கட்டுரைகள் இதில் கிடைக்கும். ஒன்றும் வரவில்லை என்றால் செய்தி உண்மை என்று பொருள் இல்லை. யாரும் இன்னும் சரிபார்க்கவில்லை என்று மட்டும்தான் பொருள். புதிதாகக் கிளம்பிய செய்திக்கு முதல் ஓரிரு நாள் எதுவும் கிடைக்காமல் போவது சகஜம்.

அதிகாரபூர்வமாகச் சொன்னவர்களும் தவறினால்?

ஒரு துண்டைப் பாக்கி வைத்திருக்கிறேன்: 'காற்றில் பரவாது'. இதை அன்று நீங்கள் சரிபார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் தெரியுமா? உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச் 28 அன்று ட்விட்டரில், கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று அடித்துச் சொல்லியிருந்தது. பின்னாளில் ஆதாரங்கள் சேரச் சேர, காற்றின் வழியாகவும் பரவும் என்று தன் நிலையை மாற்றிக்கொண்டது.

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, யாரையும் நம்ப முடியாது' என்று பேசுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. நிறுவனம் சொன்னதற்குத் தேதி இருந்தது, பெயர் இருந்தது, அதனால்தான் அவர்கள் தவறியதையும் பிறகு திருத்தியதையும் இன்று தேதியோடு உங்களுக்குச் சொல்ல முடிகிறது. ஃபார்வேர்டு தன்னைத் திருத்திக்கொண்டதாக யாராவது கேள்விப்பட்டிருக்கிறோமா?

நடைமுறையில் இதற்கு என்ன செய்வது? உடல்நலம், சட்டம், பணம் தொடர்பான எதையும் சரிபார்க்கும்போது, கிடைத்த பக்கத்தில் எப்போது எழுதப்பட்டது, எப்போது திருத்தப்பட்டது என்று பாருங்கள். கூகுள் தேடலில் கருவிகள் என்ற இடத்தில் கடந்த வாரம், கடந்த வருடம் என்று காலத்தைக் குறுக்கவும் வசதி இருக்கிறது. உங்கள் முடிவையும் 'இன்றைய தேதிக்கு இது சரியில்லை' என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படமும் வீடியோவும்

எழுத்தைச் சந்தேகப்படுபவர்களும் 'கண்ணால் பார்த்தேனே' என்று வீடியோவை நம்பிவிடுவார்கள். அதே 2020 மார்ச்சில், மனிதர்கள் வீட்டுக்குள் அடைந்ததால் வெனிஸ் நகரக் கால்வாய்களுக்கு டால்ஃபின்கள் திரும்பி வந்துவிட்டன என்று ஒரு வீடியோ பரவியது. டால்ஃபின்கள் நிஜம், வீடியோவில் எந்த ஒட்டுவேலையும் இல்லை. எடுத்த இடம்தான் வேறு. வெனிஸிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சார்டினியா தீவின் காலியாரி துறைமுகத்தில் எடுத்தது. பரவும் படங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: படம் உண்மை, கீழே எழுதியது பொய்.

ஆகவே படத்தைப் பிரிக்கும்போது 'எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது' என்ற இரண்டு கேள்வி போதும். செல்பேசியில் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால் அதே படம் இதற்கு முன் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். டின்ஐ என்ற தளத்தில் (tineye.com) பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் நான்கு வருஷம் முந்தைய பக்கத்தில் இருந்தால் கதை முடிந்தது. வீடியோ என்றால் ஓடவிட்டு, பெயர்ப் பலகையோ, வண்டி எண்ணோ, கட்டடமோ தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடுங்கள். முகங்கள் மட்டும் தெரியும் காட்சியைவிடப் பின்னணி தெரியும் காட்சிக்குத்தான் பதில் கிடைக்கும்.

எதுவும் கிடைக்காமலும் போகலாம். படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தாலோ, ஓரங்களை வெட்டியிருந்தாலோ, மேலே எழுத்து ஓடவிட்டிருந்தாலோ இந்தக் கருவிகள் தடுமாறும். படத்தில் எழுத்து மூடிய பகுதியை நீங்களே வெட்டிவிட்டு மீதியைத் தேடினால் சில சமயம் மாட்டிக்கொள்ளும்.

முடிவு எடுப்பதும் குழுவில் சொல்வதும்

நம் செய்திக்கு இப்போது என்ன தீர்ப்பு? யுனிசெஃப் சொன்னது: இல்லை. வைரஸின் அளவு: தப்பு. வெப்பத்தில் சாகும்: தப்பு, உலக சுகாதார நிறுவனமும் 25 டிகிரிக்கு மேற்பட்ட வெயில் காப்பாற்றாது என்று தனியாகவே எழுதியிருந்தது. உலோகத்தில் 12 மணி நேரம்: தப்பு. துணியில் 9 மணி நேரம், கையில் 10 நிமிடம்: யார் அளந்தது என்று செய்தியில் இல்லை. உப்புநீரில் கொப்பளிப்பது தொண்டைக்கு இதமாக இருக்கும், ஆனால் வைரஸைத் தடுக்கும் என்று செய்தி எந்த ஆதாரமும் காட்டவில்லை.

இங்கே 'தெரியவில்லை' என்பதும் ஒரு முழுமையான தீர்ப்புதான். பத்து நிமிஷம் தேடியும் தெளிவாகவில்லை என்றால் அனுப்பாமல் விட்டுவிடலாம், பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது இல்லை. 'எதற்கும் இருக்கட்டும், உண்மையாக இருந்தால் பயன்படுமே' என்று அனுப்புவதில்தான் சிக்கல். எந்த முகக்கவசமும் போதும், வெயிலில் நின்றால் போதும் என்று நம்பிய ஒருவர், உண்மையில் செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டிருப்பார்.

சரி, பெரியப்பா குழுவில் போட்டுவிட்டார், அது தப்பு என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் 'இது ஃபேக்' என்று ஒற்றை வரி போட்டால் பேச்சு செய்தியிலிருந்து மரியாதைக்குத் தாவிவிடும். முதலில் அவருக்குத் தனியாக அனுப்புங்கள். 'பெரியப்பா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். யுனிசெஃப் தளத்தில் தேடினேன், தாங்கள் சொல்லவில்லை என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். லிங்க் இதோ. குழுவில் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறீர்களா?' என்பது போல. அவரே சொன்னால் குழுவில் அதற்கு எடை அதிகம். எட்டுத் துண்டையும் மறுக்கப் போகாதீர்கள், படிக்க மாட்டார்கள். எளிதில் புரியும் ஒன்று போதும். என்னைக் கேட்டால் 27 டிகிரிக்கும் 37 டிகிரிக்கும் உள்ள இடிப்பைத்தான் சொல்வேன். லிங்க்கைத் திறக்காதவருக்கும் அது புரியும்.

அவசரமான விஷயம், யாராவது உடனே பின்பற்றிவிடக் கூடியது என்றால் காத்திருக்க வேண்டாம், குழுவிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதும் அனுப்பியவரை விட்டுவிட்டுச் செய்தியைப் பற்றி மட்டும் பேசுங்கள். சரியான தகவலை முதலில் போட்டு, பிறகு எது தப்பு என்று சொல்லுங்கள். தப்பான செய்தியை முழுதாக மறுபடி ஒட்டி அதன் கீழ் மறுப்பு எழுதினால், அரைகுறையாகப் பார்ப்பவர் மேலே உள்ளதை மட்டும் படித்துவிட்டு அதையே அனுப்பும் அபாயம் உண்டு.

ஒருவேளை அனுப்பியது நீங்களே என்றால், வாட்ஸ்அப்பில் 'எல்லோருக்கும் நீக்கு' என்ற வசதியைச் சுமார் இரண்டரை நாள் வரை பயன்படுத்தலாம். நீக்கினால் மட்டும் போதாது, அதற்குள் படித்தவர்களுக்கு என்ன நீக்கப்பட்டது, ஏன் என்று தெரியாது. 'ஐஸ்கிரீம் பற்றி நான் அனுப்பியது தப்பு, யாருக்காவது அனுப்பியிருந்தால் சொல்லிவிடுங்கள்' என்று ஒரு வரி கூடவே போட வேண்டும். கால அவகாசம் தாண்டிவிட்டதென்றால் அந்தப் பழைய செய்திக்கே ரிப்ளையாகத் திருத்தத்தைப் போடுங்கள். தனிச் செய்தியாகப் போட்டால், நடுவில் வந்த நூறு காலை வணக்கங்களுக்குப் பிறகு எதைத் திருத்துகிறீர்கள் என்றே யாருக்கும் புரியாது.